நேர்காணலுக்கு முன்பே "இன்ஸ்டா ஐடி அனுப்புங்க" என்றால் என்ன செய்வது? மலையில் வேலை தேடுவோருக்கு ஒரு வழிகாட்டி

கோத்தகிரியில் இருந்துகொண்டு ஏழு மாதம் வேலை தேடினேன். எல்லாம் விடுதி வேலைகள்தான்: வரவேற்பு, அறை முன்பதிவு. அதில் நான்கு இடங்களில், நேர்காணலுக்கு முன்பே என் சொந்த இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் கணக்குகளைக் கேட்டார்கள்.

முதல் இடத்தில் கேட்டதும் கொடுத்துவிட்டேன். குன்னூரில் நேர்காணல். எதிரில் இருந்தவர் என் அனுபவத்தைப் பற்றி இரண்டே கேள்வி கேட்டார். அப்புறம் தன் ஃபோனை என் பக்கம் திருப்பி, "இது உங்க நிச்சயதார்த்தமா?" என்றார். அது என் அக்காவின் நிச்சயம். நான் பக்கத்தில் பட்டுப்புடவையில் நின்றுகொண்டிருந்தேன், அவ்வளவுதான். "அடுத்து உங்களுக்குத்தானே, ஆறு மாசத்துல போயிடுவீங்களே" என்று சிரித்தார். மீதி நேரம் முழுக்க அதைப் பற்றியே பேச்சு. இரண்டாவது இடத்தில் அந்தக் கோபத்தையெல்லாம் சேர்த்து, "இது உங்களுக்கு எதுக்கு?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை.

மூன்றாவது முறைதான் ஒழுங்காகச் செய்தேன். அதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. கேட்பது எது என்று முதலில் பாருங்கள்

"சோஷியல் மீடியா கேட்கிறார்கள்" என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் மூன்று விதம் உண்டு. மூன்றுக்கும் பதில் வேறு.

ஐடி அல்லது லிங்க் மட்டும் கேட்பது ஒன்று. இதுதான் அதிகம். இதை மரியாதையாகத் தவிர்க்கலாம், பெரும்பாலும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டாவது, "ரிக்வெஸ்ட் அனுப்பியிருக்கேன், அக்செப்ட் பண்ணுங்க" அல்லது "கணக்கை பப்ளிக் ஆக்குங்க" என்பது. இங்கே கேட்பவர் உங்கள் கணக்கை ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டார். ரிக்வெஸ்டை ஏற்கவும் வேண்டாம், அவசரமாக நீக்கவும் வேண்டாம். அப்படியே கிடக்கட்டும். பதிலை எழுத்தில் அனுப்புங்கள்.

மூன்றாவது, பாஸ்வேர்டு கேட்பது, ஓடிபி கேட்பது, "இந்த லிங்க்ல லாகின் பண்ணி வெரிஃபை பண்ணுங்க" என்பது, வீடியோ காலில் ஸ்கிரீன் ஷேர் செய்து கணக்கைத் திறந்து காட்டச் சொல்வது. இதற்கு நாசூக்கான பதிலெல்லாம் தேவையில்லை. பாஸ்வேர்டும் ஓடிபியும் கேட்பவர் வேலை கொடுக்க வந்தவர் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பேச்சை நிறுத்திவிட்டு எண்ணை பிளாக் செய்யுங்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அடுத்து `Where you're logged in` பக்கத்துக்குப் போய், தெரியாத ஃபோன்கள் எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். பணமும் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள், அல்லது cybercrime.gov.in தளத்தில் புகார் பதியுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. விடுதியின் இன்ஸ்டாகிராம் பக்கத்தை நடத்துவதே உங்கள் வேலை என்றால், நீங்கள் செய்த வேலையைப் பார்க்கக் கேட்பது நியாயம்தான். அப்போதும் சொந்தக் கணக்கு வேண்டாம். நீங்கள் எடுத்த படங்கள், வீடியோக்களை மட்டும் வைத்துத் தனியாக ஒரு கணக்கு தொடங்கி, அதைக் கொடுங்கள்.

2. பதில் அனுப்பும் முன் கதவைச் சாத்துங்கள்

இதைத்தான் நான் தாமதமாகக் கற்றேன். "ஐடி தர விருப்பமில்லை" என்று நாம் சொன்னதும் எதிராளி முதலில் செய்வது நம்மைத் தேடுவதுதான். அவர் கையில் நம் பயோடேட்டா இருக்கிறது. அதில் பெயர், ஊர், ஃபோன் எண், மின்னஞ்சல் எல்லாம் இருக்கின்றன. கணக்கைக் கண்டுபிடிக்க அது போதும். அதனால் மறுப்பதற்கு முன் ஒரு முக்கால் மணி நேரம் ஒதுக்கி இவற்றைச் செய்துவிடுங்கள்.

இன்ஸ்டாகிராமில் `Account privacy` பக்கத்தில் `Private account` என்பதை இயக்குங்கள். இதற்குப் பிறகும் உங்கள் பெயர், முகப்புப் படம், சுயவிவர வரி ஆகியவை யாருக்கும் தெரியும். ஏற்கெனவே பின்தொடர்பவர்களுக்கு எல்லாமே தெரியும். அந்தப் பட்டியலை ஒரு தடவை மேலிருந்து கீழ்வரை பாருங்கள். மலையில் ஊர் சின்னது. என் பட்டியலில், எனக்கு நேர்காணல் இருந்த விடுதியிலேயே வேலை பார்க்கும் ஒரு தூரத்துச் சொந்தம் இருந்தாள்.

ஃபேஸ்புக்கில் இரண்டு இடம். `Limit past posts` என்பது, பழைய பப்ளிக் பதிவுகளை ஒரே அழுத்தில் நண்பர்களுக்கு மட்டும் என்று மாற்றிவிடும். திரும்ப மாற்ற வேண்டுமென்றால் ஒவ்வொன்றாகத்தான் மாற்ற முடியும், தெரிந்து அழுத்துங்கள். இன்னொன்று, ஃபோன் எண்ணை வைத்து உங்களை யார் தேடலாம் என்று கேட்கும் அமைப்பு. பலருக்கு அது எல்லோரும் என்றே கிடக்கும். அதை `Friends` ஆக்குங்கள், மின்னஞ்சலுக்கும் அப்படியே.

வாட்ஸ்அப்பை எல்லோரும் மறந்துவிடுவார்கள். முகப்புப் படம், ஸ்டேட்டஸ் இரண்டையும் `My contacts` என்று வைத்தால் போதும் என்று நினைத்திருந்தேன். ஆனால் ஹெச்ஆர் எண்ணை நாமே சேமித்துவிடுகிறோமே! சேமித்த நிமிடம் அவரும் காண்டாக்ட் ஆகிவிடுகிறார். `My contacts except...` போட்டு அவர் எண்ணைத் தேர்ந்தெடுத்து விலக்குங்கள்.

பூட்ட முடியாதவையும் உண்டு. பிறருடைய பொதுப் பக்கங்களில் நீங்கள் போட்ட கமென்ட்டுகள், உறவினர்கள் தங்கள் திறந்த கணக்கில் போட்ட படங்கள் இரண்டும் உங்கள் பூட்டுக்கு வெளியே இருப்பவை. ஹெத்தை பண்டிகையில் நான் ஆடிய வீடியோவை மாமா மகன் திறந்த கணக்கில் போட்டு என்னையும் டேக் செய்திருந்தான். டேக்கை நானே நீக்கிக்கொண்டேன். வீடியோவை அவனிடம் கேட்டுத்தான் எடுக்கவைக்க முடிந்தது. இனி வரும் டேக்குகளை நீங்கள் அனுமதித்த பிறகே காட்டும்படி வைக்கவும் இன்ஸ்டாகிராமில் வழி இருக்கிறது. அதையும் இயக்கிவிடுங்கள்.

3. பதிலுக்குக் கொடுக்க ஏதாவது கையில் வைத்திருங்கள்

வெறும் "முடியாது" என்பது கதவை அடைப்பது போல இருக்கும். "அதற்குப் பதில் இது" என்றால் பேச்சு நகரும். நான் தயாராக வைத்திருந்தவை இவைதான்: லிங்க்ட்இன் முகவரி, முந்தைய இடத்தின் அனுபவச் சான்று, ரிலீவிங் லெட்டர், என்னைப் பற்றிச் சொல்லக்கூடிய இரண்டு பேரின் பெயரும் எண்ணும். அந்த இரண்டு பேரில் ஒருவர் என் பழைய மேலாளர், இன்னொருவர் நான் படித்த கல்லூரியின் ஆசிரியை. அவர்களிடம் முன்பே கேட்டுவிட்டுக் கொடுங்கள். இல்லையென்றால் "யாரு? எனக்கு நினைவில்லையே" என்று சொல்லிவிடுவார்கள்.

லிங்க்ட்இன் கணக்கு இல்லாவிட்டால் இப்போதே தொடங்குங்கள். இலவசம், அரை மணி நேர வேலை. பயோடேட்டாவில் உள்ள தேதிகளும் அதில் உள்ள தேதிகளும் ஒன்றாக இருக்கட்டும், மாறினால் அதுவே கேள்வியாகிவிடும். மற்றபடி செலவு என்றால் ஜெராக்ஸ் எடுக்கிற காசுதான். காவல்துறைச் சான்று, நோட்டரி என்று யாராவது இந்தக் கட்டத்தில் சொன்னால் பணம் கட்டாதீர்கள். அதெல்லாம் வேலை உறுதியான பிறகு, அவர்கள் எழுத்தில் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

ஆதார் நகலையும் இப்போதே அனுப்பத் தேவையில்லை. அடையாளத்துக்கு வேண்டுமென்று விடாமல் கேட்டால், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் இணையதளத்திலிருந்து இறக்கிக் கொடுக்கலாம்.

4. ஃபார்மில் சிவப்பு நட்சத்திரம் இருந்தால்

பெரும்பாலும் கூகுள் ஃபார்ம்தான் வரும். இன்ஸ்டாகிராம் ஐடி என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் இருக்கும். காலியாக விட்டால் அனுப்ப முடியாது. பலர் இங்கேதான் சரணடைகிறார்கள்.

நட்சத்திரம் இருந்தால் ஏதாவது எழுத வேண்டும் என்றுதான் பொருள், ஐடியைத்தான் எழுத வேண்டும் என்று இல்லை. நான் எழுதியது: "தனிப்பட்ட கணக்கு, குடும்பத்துக்கு மட்டும். லிங்க்ட்இன் முகவரி மேலே கொடுத்துள்ளேன்." லிங்க் வடிவத்தில் இருந்தால்தான் ஏற்பேன் என்று சில ஃபார்ம்கள் அடம்பிடிக்கும். அப்போது அந்தக் கட்டத்தில் லிங்க்ட்இன் லிங்க்கையே ஒட்டிவிட்டு, ஏன் அப்படிச் செய்தேன் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

செய்யக் கூடாதது ஒன்றே ஒன்று: "கணக்கு இல்லை" என்று எழுதாதீர்கள். சொல்ல எளிதாக இருக்கும். நானும் ஒரு தடவை தட்டச்சு செய்து பிறகு அழித்தேன். ஃபார்மின் கடைசியில் பெரும்பாலும் "மேலே கொடுத்தவை அனைத்தும் உண்மை" என்று ஒரு டிக் இருக்கும். வேலை ஆணையிலும், தவறான தகவல் கொடுத்திருந்தால் எப்போது வேண்டுமானாலும் நீக்கலாம் என்ற வரி சாதாரணமாக இருக்கும். ஆறு மாதம் கழித்து யாராவது உங்களை ஒரு படத்தில் டேக் செய்தால், அந்த "இல்லை" பொய்யாக நிற்கும். தர விருப்பமில்லை என்பதைப் பிற்பாடு யாரும் குற்றமாக எடுத்துக்காட்ட முடியாது.

போலிக் கணக்கு ஒன்று தொடங்கிக் கொடுக்கலாமே என்று என் தோழி சொன்னாள். நேற்றுத் தொடங்கிய கணக்கு, மூன்று பூப் படம், பதினொரு ஃபாலோயர். யாருக்கும் தெரிந்துவிடும், விடுங்கள்.

5. அனுப்ப வேண்டிய செய்தி

கேட்ட அன்றே பதில் போடுங்கள். இரண்டு நாள் இழுத்தால் மறைக்கிறீர்கள் என்று தோன்றும். நேர்காணலுக்கு முந்தைய இரவு சொன்னால் அவர்களுக்கும் எரிச்சல். எனக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு ஃபார்ம் வந்தது, வெள்ளிக்கிழமை நேர்காணல். கணக்குகளைப் பூட்டிவிட்டு மூன்று மணிக்குப் பதில் போட்டேன். எங்கள் பக்கம் மஞ்சு இறங்கினால் நெட்வொர்க்கும் கூடவே இறங்கும். அதனால் செய்தியை முன்பே எழுதி வைத்துவிட்டு, பேருந்து நிலையத்துக்குப் போகும்போது அனுப்பினேன்.

"வணக்கம் மேடம். ஃபார்மை நிரப்பி அனுப்பியிருக்கிறேன். என் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் கணக்குகள் குடும்பத்தாருக்கும் நண்பர்களுக்கும் மட்டுமானவை. அவற்றில் மற்றவர்களின் படங்களும் இருப்பதால் வேலை விஷயத்துக்கு நான் பகிர்வதில்லை. என் பணி விவரங்கள் லிங்க்ட்இன்னில் உள்ளன. முந்தைய மேலாளரின் எண்ணும் கீழே தந்துள்ளேன். என்னைப் பற்றி வேறு எது தெரிய வேண்டுமானாலும் கேளுங்கள், சொல்கிறேன். வெள்ளிக்கிழமை 10.30-க்கு வந்துவிடுகிறேன்."

இதில் ஒவ்வொரு வரியும் ஒரு காரணத்துக்காக இருக்கிறது. "பகிர்வதில்லை" என்பது என் பழக்கத்தைச் சொல்கிறது. "உங்களுக்குத் தர மாட்டேன்" என்றால் அவரைச் சந்தேகப்படுவது போலாகிவிடும். மற்றவர்களின் படங்கள் இருக்கின்றன என்பது உண்மையான காரணம், அதோடு யாரும் வாதாட முடியாத காரணம். கடைசி வரி ரொம்ப முக்கியம். நேர்காணலுக்கு வருகிறேன் என்று உறுதியாக முடித்தால், "அப்போ வேண்டாமா?" என்ற கேள்விக்கே இடமில்லை. மன்னிப்பு மட்டும் கேட்காதீர்கள். "ஸாரி மேடம்" என்று தொடங்கினால் தப்பு செய்தது நீங்கள் என்றாகிவிடும்.

இதையே மின்னஞ்சலிலும் அனுப்பி வையுங்கள். அவர்கள் ஆங்கிலத்தில் எழுதினால் நீங்களும் இதையே நான்கு வரி ஆங்கிலத்தில் எழுதலாம். ஃபார்மையும் அவர்கள் கேட்ட செய்தியையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியவர் அழித்துவிட்டால் பிறகு எதுவும் மிஞ்சாது.

6. ஃபோன் வந்தால்

புதன்கிழமை மதியம் அந்த மேடம் கூப்பிட்டார். கோயம்புத்தூர் கன்சல்டன்சியில் வேலை பார்ப்பவர், விடுதியைச் சேர்ந்தவர் இல்லை. பேச்சு இப்படிப் போனது:

"ஏம்மா, எல்லாரும் குடுத்திருக்காங்களே, உனக்கு மட்டும் என்ன?"

"அது வீட்டு ஆளுங்களுக்கான கணக்கு மேடம். எங்கேயுமே குடுக்கிறதில்ல. அதுல என்ன பாக்கணும்னு நினைக்கறீங்கன்னு சொன்னா வேற விதமா குடுத்துடறேன்."

கொஞ்ச நேரம் அமைதி. "இல்ல... கெஸ்ட்டை பத்தி தப்பா போஸ்ட் போடற ஆளா இருக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"நியாயம்தான் மேடம். பழைய இடத்துல ரெண்டு வருஷம் இருந்தேன், மேனேஜர் நம்பர் குடுத்திருக்கேன், கேட்டுப் பாருங்க. கெஸ்ட் விவரம் வெளிய போகக் கூடாதுன்னு எழுதிக் கேட்டா கையெழுத்தும் போடறேன்."

"சரி, நான் சொல்லிக்கறேன்."

அவ்வளவுதான். எதைப் பார்க்க வேண்டும் என்ற அந்த ஒரு கேள்விதான் வேலை செய்தது. கேட்பவருக்கே பல நேரம் காரணம் தெரியாது. எங்கிருந்தோ எடுத்த ஃபார்மில் அந்தக் கட்டம் இருந்திருக்கும். காரணம் இருந்தால், அதற்கு உங்களிடம் வேறு பதில் இருக்கும். கன்சல்டன்சி என்றால் இன்னொன்றும் கேளுங்கள்: "இந்த விவரம் யார் யாருக்குப் போகும்?" அந்த ஃபார்ம் ஒரு எக்செல் ஷீட்டாகி எத்தனை விடுதிக்குப் போகிறது என்பது அப்போது தெரியும்.

ஃபோனில் சட்டம் பேசாதீர்கள். இந்தியாவில், வேலைக்கு வருபவரிடம் சமூக வலைதள ஐடியைக் கேட்கவே கூடாது என்று தனிச் சட்டம் எதுவும் இல்லை. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் சுதந்திரமாகக் கொடுக்கப்பட வேண்டும், நோக்கத்துக்குத் தேவையான விவரத்தை மட்டுமே கேட்க வேண்டும் என்கிறது. ஆனால் அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்கள் மீதான முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வருகின்றன. அதோடு, நீங்களே பொதுவில் போட்டு வைத்த பதிவுகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. இரண்டாவது படியில் அவ்வளவு சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

7. நேர்காணல் மேசையில் மறுபடி கேட்டால்

வெள்ளிக்கிழமை விடுதி மேலாளரும் கேட்டார், போகிற போக்கில். மேடத்திடம் சொன்னதையே சொன்னேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை. நேரில் கேட்கும்போது பதற்றத்தில் நாம் நீட்டிப் பேசுவோம், புதிதாக ஒரு காரணம் சேர்ப்போம், அங்கேதான் முரண்பாடு வரும். ஃபோனை மேசை மேல் வைக்காதீர்கள், பைக்குள் இருக்கட்டும். "இப்பவே காட்டுங்களேன்" என்று கேட்பவருக்கு அது கையெட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது.

8. வேலை கிடைத்த பிறகு வரும் படிவம்

வேலை கிடைத்தது. இரண்டு வாரம் கழித்துப் பின்னணிச் சரிபார்ப்புப் படிவம் வந்தது. முகவரி, படிப்பு, முந்தைய வேலை எல்லாவற்றுக்கும் சம்மதக் கையெழுத்து. இதை மறுப்பது வேறு கதை. இந்தக் கட்டத்தில் அவர்கள் கேட்பதில் பெரும்பகுதி நியாயமானது. ஆனால் முழுக்கப் படியுங்கள். என் படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் "சமூக வலைதளச் சரிபார்ப்பு" என்று ஒரு வரி மற்ற வரிகளோடு சேர்ந்தே இருந்தது. மின்னஞ்சலில் கேட்டேன்: "இது பொதுவில் உள்ள பதிவுகளை மட்டும் பார்ப்பதா, அல்லது என் கணக்குக்குள் அனுமதி தருவதா?" பொதுவில் உள்ளவை மட்டும் என்று பதில் வந்தது. அந்தப் பதிலை அச்செடுத்துப் படிவத்தோடு இணைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

நான்காவது இடத்தைச் சொல்லவில்லையே. இந்த விடுதியின் பதிலுக்குக் காத்திருந்தபோது ஊட்டியில் ஒரு இடத்துக்கும் விண்ணப்பித்திருந்தேன். அவர்களுக்கும் இதே செய்தியை, இதே மரியாதையோடு அனுப்பினேன். "ஓகே" என்று ஒரு வார்த்தை வந்தது, அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. ஒரு வாரம் கழித்து ஒரு தடவை நினைவூட்டினேன், பத்தாம் நாள் விட்டுவிட்டேன். அப்படியும் நடக்கும். அதற்காக அந்தப் பத்து நாளில் வேறு இடங்களுக்கு விண்ணப்பிப்பதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.